கால்கட்டு

1942 பிப்ரவரியில் ‘டைம் டிடெக்டிவ்’ என்ற அமெரிக்க மலிவு விலைப் பத்திரிகையில் ஒரு சிறுகதை வந்தது. எழுதியவர் கார்னெல் உல்ரிச். ‘அது கொலையாகத்தான் இருக்க வேண்டும்’ என்ற பொருளில் தலைப்பு. 12 ஆண்டுகள் கழித்து, 1954இல், அதே கதை ஹிட்ச்காக்கின் இயக்கத்தில் ‘ரியர் விண்டோ’ என்ற படமாக வெளிவந்தது. திரைக்கதை ஜான் மைக்கேல் ஹேய்ஸ். சிறுகதையைத் திரைக்கதையாக்க விரும்புகிறவர்களிடம் இந்தக் கதையையும் படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். எதைக் காட்டுவது, எதை வெட்டுவது, எதைச் சொல்லாமல் உணர்த்துவது என்ற மூன்று கேள்விகளுக்கும் இவ்வளவு தெளிவான விடைகள் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது.

கதைச் சுருக்கம் எளிது. ஒருவர் தன் அறையின் பின்பக்கச் சன்னலோரம் நாள் முழுக்க உட்கார்ந்து எதிர்வீட்டுச் சன்னல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தார்வால்ட் என்பவரின் வீட்டில் நோயாளியான மனைவி திடீரெனக் காணாமல் போகிறாள். கணவன்தான் கொன்றிருக்கிறான் என்று இவருக்குச் சந்தேகம் விழுகிறது. போலீஸ் நண்பர் நம்ப மறுக்கிறார். கடைசியில் கொலைகாரன் இவரைத் தேடி இவருடைய அறைக்கே வருகிறான்.

கதையைப் படித்தவர்களுக்கு இதில் இன்னொரு விஷயம் உண்டு என்பது தெரியும். கதையைச் சொல்பவரே கதாநாயகர். எல்லாம் ‘நான்’ என்றே வருகிறது. தன்னால் கட்டிலிலிருந்து சன்னலுக்கும் சன்னலிலிருந்து கட்டிலுக்கும்தான் போக முடியும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். ஆனால் ஏன் என்று சொல்வதில்லை. வாசகரும் கொலை விவகாரத்தில் அதை மறந்துவிடுகிறார். எல்லாம் முடிந்தபின், கடைசி வரியில், மருத்துவர் வந்து காலின் மாவுக்கட்டைப் பிரித்துவிடலாம் என்கிறார். அப்போதுதான் இத்தனை நேரமும் அவருடைய கால் முறிந்திருந்தது நமக்குத் தெரிகிறது. அச்சில் இது அழகான முடிவு. முதலிலிருந்து திரும்பப் படிக்க வைக்கும்.

இப்போது இதைப் படமாக்க வேண்டும். எழுத்தில் ‘நான் உட்கார்ந்திருந்தேன்’ என்றால் போதும். காலைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். கேமரா அப்படி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. உட்கார்ந்திருப்பவரைக் காட்டினால் காலும் சேர்ந்துதான் தெரியும். கடைசிவரை மறைக்க வேண்டுமானால் முகத்தை மட்டும் காட்டலாம், மேலே போர்வையைப் போர்த்தலாம். பத்து நிமிடத்தில் பார்வையாளர் ‘எதையோ ஒளிக்கிறார்கள்’ என்று கண்டுபிடித்துவிடுவார். அதன்பிறகு கொலையைக் கவனிக்க மாட்டார், போர்வையைத்தான் கவனிப்பார். வாசகர் தாமாக மறந்துபோனது ஒரு வகை, பார்வையாளரிடமிருந்து நாம் வலிந்து மறைப்பது வேறு வகை. திரையில் இரண்டாவது வகைதான் சாத்தியம்.

ஹேய்ஸும் ஹிட்ச்காக்கும் மூலக்கதையின் கடைசி வரியை எடுத்துப் படத்தின் முதல் நிமிடங்களில் வைத்துவிட்டார்கள். கதையின் பெரிய ஆச்சரியம் போய்விட்டது. கதையை நேசிக்கிறவருக்கு இங்கேதான் கை நடுங்கும். ஆனால் அந்த இழப்புக்கு ஈடாகக் கிடைத்ததைப் பாருங்கள். கொலைகாரன் வந்தால் இவரால் ஓட முடியாது என்பது தொடக்கத்திலிருந்தே நமக்குத் தெரியும். கதையில் கடைசி ஒரு நொடிக்கு மட்டும் பயன்பட்ட கால்கட்டு, படத்தில் 112 நிமிடமும் வேலை செய்கிறது.

அதை எப்படிக் காட்டினார்கள் என்பது இன்னும் கவனிக்க வேண்டியது. பட்டறையில் புதிதாக எழுதுகிறவர்களிடம் இந்தத் தகவல்களைக் கொடுத்து ஒரு காட்சி எழுதச் சொன்னால், நண்பர் ஒருவரை உள்ளே வரவழைப்பார்கள். ‘என்னப்பா, ரேஸ் காரைப் படம் எடுக்கப் போய்க் காலை உடைத்துக்கொண்டாயே!’ என்று அவர் கேட்பார். இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த செய்தியை நமக்காகப் பேசிக்கொள்வது அது. படத்தில் அந்த இடம், நம்மூர்த் திரைக்கதைத் தாளில் எழுதினால், ஏறத்தாழ இப்படி இருக்கும்:

காட்சி 1. உள்ளே. ஜெஃப்ரீஸின் அறை. பகல்.

சுவரில் வெப்பமானி. பாதரசம் 90 பாரன்ஹீட்டைத் தாண்டி நிற்கிறது. சன்னலோரம் சக்கர நாற்காலியில் ஒருவர் வியர்வையோடு தூங்குகிறார். கேமரா மெல்ல இறங்குகிறது. இடுப்பிலிருந்து கால்விரல் வரை மாவுக்கட்டு. அதன்மேல் யாரோ கிறுக்கிய வேடிக்கை வாசகத்தில் அவர் பெயர். நகர்ந்தால், மேசைமேல் நொறுங்கிய கேமரா. அதற்கு மேலே சுவரில் ஒரு புகைப்படம்: பந்தயக் கார் ஒன்று சிதற, அதன் சக்கரம் படமெடுப்பவரை நோக்கிப் பறந்து வருகிறது. மேலும் சில படங்கள்: விபத்து, தீ, வெடிப்பு. கடைசியாகச் சட்டமிட்ட ஒரு நெகட்டிவ், ஒரு பெண்ணின் முகம். பக்கத்தில் பத்திரிகை அடுக்கு. மேல் அட்டையில் அதே முகம், இப்போது நெகட்டிவாக அல்ல, படமாக.

வசனம் கிடையாது. ஆனாலும் அவர் யார், என்ன தொழில், காலை எப்படி முறித்துக்கொண்டார், எந்த மாதிரி ஆபத்துக்குப் பழகியவர், இந்த வெக்கையில் எல்லா வீட்டுச் சன்னலும் ஏன் திறந்திருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. விபத்து நமக்குக் காட்டப்படவில்லை. நொறுங்கிய கேமராவையும் பறந்துவரும் சக்கரத்தையும் நாமே சேர்த்துவைத்து விபத்தை உண்டாக்கிக்கொள்கிறோம். இதே காரியத்தை ஒரு ஃபிளாஷ்பேக்கில் செய்திருந்தால் பந்தய மைதானம், கார்கள், கூட்டம் என்று ஒருநாள் படப்பிடிப்பு. அதற்கும் மேலாக, அந்த அறையை விட்டு வெளியே போயிருப்போம். அறையிலேயே அடைந்து கிடப்பதுதான் இந்தப் படத்தின் உயிர்.

அடுத்த சிக்கல், மனத்துக்குள் ஓடும் எண்ணம். உல்ரிச்சின் கதையில் பாதிக்கு மேல் அதுதான். தார்வால்ட் எல்லாச் சன்னல்களையும் ஏன் அப்படிச் சுற்றிப் பார்த்தான், திரைச்சீலை ஏன் இறங்கியே இருக்கிறது என்று ‘நான்’ யோசித்துக்கொண்டே போகிறார். குறும்படத் திரைக்கதைகளில் இந்த இடத்துக்கு வந்ததும் பெரும்பாலும் பின்னணிக் குரல் தொடங்கிவிடும். கதையின் பத்திகளை வெட்டி ஒட்டிக் குரலாக்கிவிடுவார்கள். பின்னணிக் குரலே கூடாது என்பவன் அல்ல நான். ஆனால் திரையில் தெரிவதையே குரலும் சொல்கிறதா என்று சோதிக்க வேண்டும். குரலை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் காட்சி புரிகிறது என்றால் குரல் தேவையில்லை. குரல் இல்லாமல் எதுவுமே புரியவில்லை என்றால் அங்கே இன்னும் காட்சியே எழுதப்படவில்லை.

ஹேய்ஸ் அந்த எண்ணத்தை இரண்டாக உடைத்து வெளியே கொண்டுவந்தார். கதையில் நாயகருக்குத் துணை சாம் என்ற வேலையாள். சொன்னதைச் செய்பவர், எதிர்த்து வாதாட மாட்டார். படத்தில் சாம் இல்லை. அவருக்குப் பதிலாக இரண்டு பெண்கள்: தினமும் வந்து கவனித்துக்கொள்ளும் வாய்த்துடுக்கான ஸ்டெல்லா, ஜெஃப்ரீஸைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் லிசா. மூலக்கதையில் காதலியே கிடையாது. தெல்மா ரிட்டரும் கிரேஸ் கெல்லியும் நடித்த இந்த இருவரும் அவர் நினைப்பதைக் கேட்டுச் சும்மா தலையாட்டுவதில்லை. அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கிறாயே என்று ஸ்டெல்லா திட்டுகிறாள். லிசா முதலில் நம்ப மறுக்கிறாள், பிறகு அவரைவிடவும் தீவிரமாக நம்புகிறாள். கதையில் ஒரு தலைக்குள் நடந்த வாதம் படத்தில் மூன்று பேரின் வாக்குவாதம் ஆனது. எண்ணத்தை வசனமாக்குவதில் இந்த ஒரு நிபந்தனை உண்டு: கேட்பவர் மறுக்க வேண்டும். ‘ஆமாம், அப்புறம்?’ என்று மட்டும் கேட்கும் பாத்திரம் பின்னணிக் குரலுக்கு உடம்பு கொடுத்தது போலத்தான்.

லிசா வந்தது துப்பறிவதற்கு மட்டுமல்ல. ஜெஃப்ரீஸ் கல்யாணத்துக்குப் பயப்படுகிறவர் என்பதை ஹேய்ஸ் புதிதாகச் சேர்த்தார். அதைச் சேர்த்ததும் எதிர்வீட்டுச் சன்னல்கள் அத்தனைக்கும் ஒரு அர்த்தம் வந்துவிடுகிறது. கதையில் ஓர் இளம் தம்பதி, குழந்தையோடு தனியாக வாழும் ஒரு பெண் என்று ஓரிரு வீடுகள் போகிற போக்கில் வருகின்றன. படத்தில் அவை பெருகின: திரைச்சீலையை இறக்கிவிட்டு வெளியே தலைகாட்டாத புதுமணத் தம்பதி, எதிரே யாரும் இல்லாத நாற்காலிக்கு மது ஊற்றிக்கொடுத்துப் பேசும் தனிமைப் பெண், நாயைப் பிள்ளைபோல் வளர்க்கும் நடுவயதுத் தம்பதி, பாட்டு வராமல் திண்டாடும் இசையமைப்பாளர். எல்லாம் கல்யாணத்தின், அல்லது கல்யாணம் இல்லாமையின், ஒவ்வொரு முகம். தார்வால்ட் வீடு அவற்றில் மிகக் கொடிய முகம். இதை யாரும் வசனத்தில் விளக்குவதில்லை. அங்கே படுக்கையில் கிடக்கும் மனைவி, நடமாடும் கணவன். இங்கே நாற்காலியில் கிடக்கும் ஆண், நடமாடும் பெண். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல உறைக்கிறது.

சாம் செய்த ஒரு வேலையை லிசாவுக்கு மாற்றியதில் கிடைத்த லாபத்தைத்தான் நான் இந்தத் திரைக்கதையின் உச்சம் என்பேன். கதையில், தார்வால்ட்டைத் தொலைபேசியில் ஏமாற்றி வெளியே அனுப்பிவிட்டு, சாமை அந்த வீட்டுக்குள் போகச் சொல்கிறார் நாயகர். சாம் பொருட்களைக் கலைத்துவைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். படத்தில் லிசா போகிறாள். அவள் உள்ளே இருக்கும்போதே தார்வால்ட் திரும்பி வந்துவிடுகிறான். ஜெஃப்ரீஸ் இந்தப் பக்கம் சன்னலில், அசைய முடியாமல், பார்த்துக்கொண்டிருக்கிறார். போலீஸ் வருகிறது. லிசா சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் விரலைச் சுட்டிக் காட்டுகிறாள். இறந்துபோன மனைவியின் கல்யாண மோதிரம் அவள் விரலில். ஊருக்குப் போன மனைவி அதைக் கழற்றி வைத்துவிட்டா போவாள்?

இந்த ஒரு சைகையில் எத்தனை நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கொலைக்குச் சான்று கிடைத்துவிட்டது. கல்யாணத்துக்காக ஏங்கிய பெண்ணின் விரலில் கல்யாண மோதிரம் ஏறிவிட்டது. அதை அவள் தன் காதலனிடம் காட்டவும் செய்கிறாள். அந்தச் சைகையைத் தார்வால்ட் கவனித்து, யாருக்குக் காட்டுகிறாள் என்று தலையை நிமிர்த்தி, நேராக நம்மைப் பார்க்கிறான். லிசாவைப் போலீஸ் அழைத்துப் போக, ஸ்டெல்லாவும் அவளை ஜாமீனில் எடுக்கக் கிளம்ப, ஜெஃப்ரீஸ் அறையில் தனியாகிறார். நான்கு காரியங்கள், ஒரு வார்த்தைகூட இல்லாமல். மூலக்கதையில் இந்த மோதிரம் இல்லை. மூலத்துக்கு உண்மையாக இருப்பது என்றால் அதிலுள்ளதை அப்படியே வைத்துக்கொள்வது என்று நினைப்பவர்கள் இந்தக் காட்சியைத்தான் முதலில் இழப்பார்கள்.

வெட்டப்பட்டதையும் பார்க்க வேண்டும். கதையில் பிணம் எங்கே என்பதுதான் புத்திசாலித்தனமான புதிர். தார்வால்ட் வீட்டுக்கு மேல்மாடியில் பழுதுபார்ப்பு வேலை நடக்கிறது. அங்கே சமையலறைத் தரையை உயர்த்தி சிமெண்ட் போடுகிறார்கள். ஒருநாள் மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் ஒரே நேரத்தில் ஆட்கள் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நடப்பதை நாயகர் பார்க்கிறார். ஏதோ ஒன்று ஒத்துப்போகவில்லை என்று மனத்தில் நெருடுகிறது. வெகுநேரம் கழித்துத்தான் அது உயர வித்தியாசம் என்று விளங்குகிறது. பிணம் புது சிமெண்டுக்குள்.

எழுத்தில் இது பிரமாதம், ஏனென்றால் எழுத்தாளர் ‘ஏதோ நெருடியது’ என்று மட்டும் சொல்லிவிட்டு, என்ன என்பதை ஒத்திப்போடலாம். படத்தில் அந்த உயர வித்தியாசத்தைக் காட்டியே ஆக வேண்டும். தெரியும்படி காட்டினால் நாயகருக்கு முன்பே நமக்குப் புரிந்துவிடும். தெரியாதபடி காட்டினால் பிறகு ஒருவர் நின்று வாயால் விளக்க வேண்டும்; கிளைமாக்ஸ் முடிந்த பிறகு கட்டட வேலை பற்றி ஒரு பாடம். ஹேய்ஸ் சிமெண்ட் தரையைத் தூக்கியே எறிந்துவிட்டார். படத்தில் உடலின் பகுதிகள் ஆற்றில் வீசப்பட்டதும் ஒரு பகுதி பூச்செடிப் பாத்தியில் புதைந்திருந்து இடம்மாறியதும் இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடுகின்றன. ஒரு சிறுகதையில் மிகவும் கெட்டிக்காரத்தனமான பகுதி எதுவோ, அது பெரும்பாலும் மொழியின் கெட்டிக்காரத்தனமாகவே இருக்கும். திரைக்கதைக்கு வரும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

அதே சமயம் கதையில் ஏற்கெனவே கண்ணால் காணும்படி இருந்தவற்றை ஹேய்ஸ் தொடவில்லை. ‘அவளை என்ன செய்தாய்?’ என்ற பொருளில் ஒரு துண்டுச் சீட்டு தார்வால்ட்டின் கதவுக்கு அடியில் நுழைகிறது. அவன் அதை எடுத்துப் படிக்கும்போது முகம் எப்படி மாறுகிறது என்று நாயகர் தூரத்திலிருந்து பார்க்கிறார். இது கதையிலும் உண்டு, படத்திலும் உண்டு. கொண்டுபோனவர் மட்டும் மாறினார்.

உணர்த்துவதற்கு வருவோம். படத்தில் கொலை காட்டப்படவே இல்லை. இருட்டில் கண்ணாடி உடையும் ஓசை, ஒரு பெண்ணின் கூவல், அவ்வளவுதான். பிறகு மழையில் அவன் பெட்டியோடு பலமுறை வெளியே போய்வருவது. மற்றதையெல்லாம் ஜெஃப்ரீஸோடு சேர்ந்து நாம்தான் கட்டுகிறோம். நாமே கட்டியதால், அது பொய்யாகிவிடக் கூடாதே என்ற கவலையும் நமக்கு வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் நாய் சாகும் இரவு. முற்றத்தில் நாய் கழுத்து முறிந்து கிடக்கிறது. அதை வளர்த்த பெண் மேலிருந்து கதறுகிறாள். எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது, எல்லாரும் சன்னலுக்கு வருகிறார்கள். ஒரு வீட்டில் மட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இருட்டில் ஒரு சிகரெட்டின் நெருப்புப் புள்ளி மட்டும் மெல்லக் கனன்று அடங்குகிறது. ‘கொன்றது அவன்தான்’ என்று திரைக்கதைத் தாளில் எழுதினால் அதைப் படமெடுக்க முடியாது. ‘இருட்டில் ஒரு சிகரெட் முனை கனல்கிறது’ என்றால் முடியும்.

நாயகர் பார்ப்பதை மட்டுமே காட்டுவது என்ற விதியை இந்தப் படம் மிகவும் கண்டிப்பாகப் பின்பற்றுகிறது. பாரமவுண்ட் ஸ்டுடியோவுக்குள் 31 குடியிருப்புகள் கொண்ட பெரிய செட் போட்டும் கேமரா ஏறத்தாழ முழுப் படத்திலும் ஒரே அறையை விட்டு வெளியே போகவில்லை. ஆனால் அந்த விதி ஓரிடத்தில் வேண்டுமென்றே மீறப்படுகிறது. அதிகாலையில் ஜெஃப்ரீஸ் தூங்கிக்கொண்டிருக்கும்போது, தார்வால்ட் ஒரு பெண்ணோடு வீட்டை விட்டு வெளியேறுகிறான். ஜெஃப்ரீஸ் பார்க்கவில்லை, நாம் மட்டும் பார்க்கிறோம். மனைவி உயிரோடுதான் இருக்கிறாளோ? இனி ஜெஃப்ரீஸ் எவ்வளவு உறுதியாகப் பேசினாலும் நமக்கு அடிவயிற்றில் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். ‘நான்’ சொல்லும் கதையில் இது முடியவே முடியாது. தூங்குகிறவர் தான் பார்க்காததை எப்படிச் சொல்வார்? சினிமாவால் மட்டும் முடிந்த ஒரு காரியம் இது. அதை அவர்கள் தேவையான ஒரே ஓர் இடத்தில் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

கிளைமாக்ஸிலும் பண்டமாற்று நடந்தது. கதையில் கொலைகாரன் துப்பாக்கியோடு இருட்டில் நுழைகிறான். நாயகர் அறையிலிருந்த ஒரு தத்துவஞானியின் மார்பளவுச் சிலையைத் தன் தோளருகே நிறுத்திக்கொள்ள, குண்டு அதில் பாய்கிறது. படத்தில் சிலை இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஜெஃப்ரீஸ் கையில் கிடைத்த ஃபிளாஷ் பல்புகளை ஒவ்வொன்றாக அவன் முகத்தில் வெடிக்கிறார். அவன் கண்கூசி நிற்கிறான், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி அடியெடுத்து வைக்கிறான். புகைப்படக்காரரிடம் இருக்கும் ஒரே ஆயுதம் வெளிச்சம். முதல் காட்சியில் மேசைமேல் நொறுங்கிக் கிடந்த கேமராவைக் காட்டியதற்குக் கூலி இங்கே கிடைக்கிறது. சிலை எந்த வீட்டிலும் இருக்கலாம். ஃபிளாஷ் பல்பு இந்த மனிதரிடம்தான் இருக்கும். சேர்க்கிற எதையும் இப்படிப் பாத்திரத்தின் பையிலிருந்து எடுக்க முடிகிறதா என்று பார்ப்பது நல்லது. அதோடு, இதுவரை இருட்டில் உட்கார்ந்து பிறரைப் பார்த்தவர், தன்னைப் பார்க்க வந்தவனின் கண்ணைக் குருடாக்கித்தான் பிழைக்கப் பார்க்கிறார்.

தார்வால்ட் அவரைச் சன்னலுக்கு வெளியே தள்ளிவிடுகிறான். அவர் பிடி நழுவிக் கீழே விழுகிறார். கதையின் கடைசியில் மருத்துவர் மாவுக்கட்டைப் பிரிக்க வந்தார் அல்லவா? படத்தின் கடைசியில் கேமரா மறுபடி முற்றத்தைச் சுற்றி வருகிறது. வெக்கை தணிந்திருக்கிறது. இசையமைப்பாளரின் பாட்டு முடிந்துவிட்டது. நாற்காலியில் ஜெஃப்ரீஸ் தூங்குகிறார், இப்போது இரண்டு காலிலும் கட்டு. பக்கத்தில் லிசா இமயமலைப் பயணம் பற்றிய ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவர் தூங்கிவிட்டார் என்பதை ஒருமுறை உறுதிசெய்துகொண்டு, அதை வைத்துவிட்டு ஃபேஷன் பத்திரிகையைக் கையில் எடுக்கிறாள்.